ஸ்பான்சர் என்று ஒரு சொல்

நான் எழுதியதில் அதிகம் பாராட்டப்பட்ட வாக்கியம் ஒன்று உண்டு. அதை யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பிழைப்பு இதுதான். போனில் வீடியோ போட்டுப் பேர் வாங்கியவர்களுக்கு நான் தமிழில் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன். ஒரு கம்பெனி தன் பொருளைப் பற்றிப் பேசச் சொல்லி அவர்களுக்குக் காசு கொடுக்கும். என்ன பேச வேண்டும் என்பதை நான் எழுதுவேன். அதில் கட்டாயம் ஒரு வரி இருக்க வேண்டும்: இது காசு வாங்கிக்கொண்டு பேசுவது என்ற வரி. அப்படித்தான் விதி. வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், ஆரம்பத்திலேயே, காதுக்கும் கேட்க வேண்டும், கண்ணுக்கும் தெரிய வேண்டும். மூலையில் கொசு மாதிரி இங்கிலீஷில் எழுதிப்போட்டால் போதாது. ஆனால் அந்த வரி வந்ததும் பார்க்கிறவர்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள் என்று கம்பெனிக்குப் பயம். அதனால் அது துருத்திக்கொண்டு நிற்காமல், சாதத்தோடு சாதமாகத் தொண்டையில் இறங்க வேண்டும். அப்படி இறக்குவதில் நான் கெட்டிக்காரி என்று மும்பையில், செம்பூரில் எனக்கு வேலை கொடுக்கும் ஏஜென்சியில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

தாராவியில் ஒரு அக்கா இருந்தாள். நான் கல்யாணமாகி செம்பூருக்கு வருவதற்கு முன்பு எங்களுக்கு ஒரே சந்து, ஒரே கோயில். கோயில் என்றால் சர்ச். எங்கள் திருநெல்வேலி சனம் அப்படித்தான் சொல்லும். அக்கா அடுப்படியில் நின்று மீன் குழம்பு வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவதை அவள் மகள் போனில் எடுத்துப் போட, நாலைந்து வருஷத்தில் எங்கள் சந்துக்கு வெளியேயும் ஏகப்பட்ட பெண்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்க என்று சொல்லவில்லை, கேட்க என்றுதான் சொல்கிறேன். தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவளும் அப்பளம் தேய்ப்பவளும் போனைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காதை மட்டும்தான் கொடுப்பார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டினாலும் வராது. எந்தக் கடையில் அரிசி நல்லது, எந்த டாக்டர் அதட்டாமல் பேசுவார் என்று அக்கா சொன்னால் சொன்னதுதான். அவளிடம் இருந்த சொத்து அந்த ஒன்றுதான். அவள் சொன்னால் நம்புவார்கள்.

முதல்முதலாக அவளைத் தேடி ஒரு கம்பெனி வந்தது. மூட்டு வலிக்குத் தேய்க்கும் எண்ணெய். ஸ்கிரிப்ட் எழுத என்னைத்தான் வேண்டும் என்றாள் அக்கா. அவள் வீட்டு மாடி அறையில், சத்தம் வரக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய ஒத்திகை பார்த்தோம். வலி தீரும் என்று சொல்லக்கூடாது, அது விதிக்கு மாறு. தேய்த்தால் இதமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். அக்கா ஒரு வாரம் தேய்த்துப் பார்த்திருந்தாள். இதமாகத்தான் இருந்தது என்றாள். காசு வாங்கியதைச் சொல்லும் அந்த வரி எங்கே வர வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கேமராவைப் பார்த்து ஆரம்பித்துவிட்டாள்.

“ஏ பிள்ளைகளா, இந்த எண்ணெய்க்காரவிய எனக்குத் துட்டு குடுத்திருக்காவ. துட்டு வாங்கிட்டுதான் பேசுதேன். அதனால நான் சொல்லுதத காதுல வாங்கிட்டு, உங்க புத்தியையும் கொஞ்சம் கேட்டுக்கிடுங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் பத்து வருஷம் எழுதினாலும் அப்படி ஒரு வரி வராது. ஆரம்பத்திலேயே வருகிறது, வாயால் வருகிறது, சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஏஜென்சியில் எங்களை மேய்க்கும் மேனேஜர் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. நான் வாசித்துக் காட்டக் காட்ட அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“அரே மேடம், என்ன இது? துட்டு, துட்டுன்னு! கிளையன்ட் பார்த்தா என்னைத் தொலைச்சுடுவா.”

“விதி அதுதானே சார்? காசு வாங்கினா சொல்லணும்.”

“சொல்ல வேண்டாம்னா சொன்னேன்? சொல்லுங்கோ. ஆனா அழகா சொல்லுங்கோ. ஸ்பான்சர்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கே, ரூல்லயும் அது ஓகே. உங்க கைவண்ணத்துல அப்படியே நேச்சுரலா வரட்டும்.”

கைவண்ணம் என்றாரா, நான் குளிர்ந்துபோனேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையால் கெட்டேன்.

அன்றைக்கு நான் எழுதிய வரி இது: “வீட்டு வேலையில தேயுத நம்ம பொம்பளைங்கள நினைச்சு, இந்த வீடியோவுக்கு ஸ்பான்சரா நிக்கிறவங்க இந்த எண்ணெய்க்காரங்க. அவங்களுக்கு நம்ம நன்றி.”

இதை ஆரம்பத்திலேயே வைத்தேன். அக்காவின் வாயால் சொல்ல வைத்தேன். திரையிலும் ‘ஸ்பான்சர்’ என்று தமிழில் பெரிதாகப் போடச் சொன்னேன், எண்ணெயைப் பற்றிய பேச்சு முடியும்வரை அழியாமல். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. மேனேஜர் போனிலேயே கை தட்டினார். கிளையன்ட் ஒரே நாளில் சரி என்றார்கள்.

அக்கா மட்டும் வாசித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. கோயில்ல அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்குட்டி” என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். எங்கள் கோயிலில் எல்லாருக்கும் சோறு போடும் அசன விருந்து நடக்கும்போது ஐயர், அதாவது பாதிரியார், வாசிப்பார்: அரிசிக்கு ஸ்பான்சராக நின்றவர்கள் இன்னார், ஆட்டுக்கு இன்னார், அவர்களுக்கு நம் நன்றி. ஏழைப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவரும் ஸ்பான்சர்தான். எங்கள் சனத்துக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. தானம் செய்கிறவர் என்று அர்த்தம். நானும் அதைக் கேட்டே வளர்ந்தவள். தெரிந்தேதான் எழுதினேன். அந்த இதம் வேண்டும் என்றுதான் எழுதினேன். சுருக்கென்றதை அமுக்கிவிட்டு, “அதெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா, பேசுங்க” என்றேன்.

வீடியோ வந்த மறுநாள் காலையில் அக்காவின் ஏணிப்படியில் பெண்கள் நின்றார்கள். எண்ணெய் வாங்க அல்ல. இலவசமாகக் கேட்டு.

“எக்கா, ஸ்பான்சர்காரவிய எத்தனை பாட்டில் குடுத்திருக்காவ? எங்க அத்தைக்கு ஒண்ணு எடுத்து வையி.”

அக்கா எனக்குப் போன் செய்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கூறுகெட்ட சிரிப்பு. அதற்குள் பணம் கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் இட்லி விற்கும் பெண் மூன்று பாட்டில் வாங்கியிருந்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். “ஏழைகளுக்குக் குடுக்கிற கம்பெனில்லா, நாமளும் நாலு காசு குடுத்தா என்ன?” என்று வாங்கினாளாம். பத்துப் பதினைந்து நாளில் முதல் பாட்டில் தீர்ந்தும் வீக்கம் வடியவில்லை. அக்காவிடம் வந்து கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

“அவிய தானமும் குடுக்கல ஒண்ணும் குடுக்கல பிள்ள. என்னைப் பேசச் சொல்லி எனக்குத்தான் துட்டு குடுத்தாவ. அதைத்தானே வீடியோவுல முதல்லயே சொன்னேன்?”

“நீ எங்கக்கா சொன்ன? ஸ்பான்சர்னுதானே சொன்ன?”

அவ்வளவுதான். சந்து முழுக்க ஒரே நாளில் பரவிவிட்டது. அக்கா துட்டு வாங்கிக்கொண்டு அதைத் தானம் என்று ஏமாற்றினாள். கோயில் வார்த்தையைச் சொல்லி ஏமாற்றினாள். இட்லி விற்கும் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

நான் மேனேஜரிடம் ஓடினேன். அந்த வரியை மாற்றித் திரும்பப் போடலாம் என்று கெஞ்சினேன்.

“எதுக்கு மேடம் மாத்தணும்? லேபிள் இருக்கு, ஆடியோ இருக்கு, தமிழ்ல இருக்கு. பக்கா. கிளையன்ட் அப்ரூவ் பண்ண வீடியோவை நாம தொட முடியாது. கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கணும், அதைப் பத்தி வேற வீடியோவும் போடக் கூடாது.”

“ஜனங்களுக்குப் புரியலையே சார்.”

“அது ஜனங்க பிராப்ளம்.”

ஆத்திரத்தில் என்னென்னவோ கத்திவிட்டு வந்தேன். ஆனால் அந்த ஆள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தூங்க முடியுமா? அவருக்கு எங்கள் கோயிலும் தெரியாது, அசனமும் தெரியாது. எனக்குத் தெரியும். அக்கா தன் பங்குக்கு வீடியோவின் கீழே, துட்டு வாங்கித்தான் பேசினேன் என்று மகளை எழுதிப்போடச் சொன்னாள். வாசிக்கிறவர்களா அவளைக் கேட்டார்கள்? காதால் கேட்டவர்கள்தானே.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கம்பெனியிடமும் போகவில்லை. மீன் குழம்பு, ஊர்க்கதை என்று பழையபடி பேசினாள். நடுவில் ஒரு கடையின் பெயர் வாயில் வந்துவிட்டால் போதும், கீழே வரிசையாக எழுதுவார்கள்: ஸ்பான்சரா அக்கா? சிரிக்கிற பொம்மையையும் போடுவார்கள்.

போன மழைக்காலத்தில் கோயில் ஹாலில் எலும்பு டாக்டர்கள் வந்து இலவசமாக முழங்கால் பார்ப்பதாக இருந்தது. எக்ஸ்ரேயும் இலவசம். ஒரே ஒரு நாள்தான். அக்காவிடம் யாரும் எதுவும் கொடுக்கவில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. அவளாகத்தான் வீடியோ போட்டாள். இட்லி விற்கும் பெண்ணின் நடை அவளுக்குத் தினமும் கண்ணில் படுகிறதே. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாளாம். வீடியோவை அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அக்காவிடம் வாய் திறந்திருக்கிறாள்.

“இதுக்கு டாக்டர்மார் எவ்வளவு குடுத்தாவ?”

அக்கா அன்று மதியமே ரயில் ஏறி செம்பூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“ஏட்டி, நாளைக்குத்தான் டாக்டர் வாராவ. இதுக்கு நான் ஒத்த ரூவா வாங்கலன்னு ஒரு வரி எழுதித் தா. நம்புத மாதிரி எழுதித் தா. உனக்குத்தான் அதெல்லாம் வருமே.”

குத்திக்காட்டவில்லை அவள். மெய்யாகவே கேட்டாள். நான் பேனாவை எடுத்தேன். ‘என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்’ என்று எழுதினேன். அதை ஒரு பற்பசைக்கு எழுதியிருக்கிறேன். ‘உங்கள் வீட்டுப் பெண்ணாக’ என்று எழுதினேன். அது ஒரு மசாலாவுக்கு. ‘சத்தியமாக’ என்ற சொல்லைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. அடித்து அடித்துத் தாள் கிழிந்தது. எதிரில் அக்கா காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வரலக்கா” என்றேன்.