மைதிலி கொடுத்த மூன்று நிமிட மதிப்பீடு

மைதிலிக்குப் பேசத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவளுடைய மாணவர்களே சண்டைக்கு வருவார்கள். சென்னீர்குப்பத்தைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் பொறியியல் கல்லூரியில், பிறரை இணங்க வைப்பது எப்படி என்பதைப் பதினொரு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டில் மட்டும் ஒரே ஒரு வாக்குவாதத்தில்கூட அவள் ஜெயித்ததில்லை. கட்டிக்கொண்டவர் கோகுல்நாத். அம்பத்தூரில் ஐ.டி. வேலை, ஆனால் வாயைத் திறந்தால் கல்லும் தலையாட்டும்.

வகுப்பில் எத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகள் முகம் சுருங்குவதற்குள் தமிழுக்குத் தாவிவிடுவாள். "சொல்றவரை ஏன் நம்பணும்? அவர் நம்ம மனசுல எதைத் தொடறார்? சொல்ற காரணம் நிக்குதா? மூணையும் தனித்தனியா பாருங்க. பிடிச்சவர் பேசினா மூணும் சரியா இருக்கிற மாதிரி தெரியும், பிடிக்காதவர் பேசினா மூணும் தப்பாத் தெரியும். ரெண்டும் ஏமாத்து வேலை." இதைச் சொல்லும்போது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வரும்.

மாங்காட்டில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஞாயிறு மாலைகளில் ஒரு பேச்சு மன்றம் கூடும். தலைவர் சண்முகசுந்தரம், ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் ஏழு நிமிடம் பேச வேண்டும், இன்னொருவர் மூன்று நிமிடம் அதை மதிப்பிட வேண்டும். மேஜையில் உட்கார்ந்திருக்கும் நிர்மல் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைத் தூக்கிக் காட்டுவான். சிவப்பு வந்தால் பேச்சை முடித்தாக வேண்டும்.

அந்த ஞாயிறு கோகுல்நாத் பேச எழுந்தார். தலைப்பு, "என் வீட்டின் தூண்".

மூன்று மாதம் முன்பு அவருடைய அம்மா ஜெகதாம்பாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததில் ஆரம்பித்தார். பார்த்துக்கொள்ள வைத்த ஆள் போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட, அம்மா இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்ததைச் சொன்னார். "யாராவது வாங்களேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க" என்றபோது குரல் உடைந்தது. அரங்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். மைதிலிக்கும் கண் நிறைந்தது. அவள்தானே அன்று கதவைத் திறந்து மாமியாரைத் தூக்கியவள்.

"வெளி ஆளை நம்ப முடியாதுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது. வீட்ல ஒருத்தர் இருந்தாகணும். நான் கேக்கவே இல்லைங்க. மைதிலியே சொன்னா, வேலையை விட்டுடறேன்னு. பதினொரு வருஷ வேலை! இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ."

கைதட்டல் நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண் மைதிலியின் கையைப் பிடித்து அழுத்தினாள். மைதிலி கையை விடுவித்துக்கொண்டாள். வேலையை விடுவதாக அவள் சொல்லவில்லை. "என்னால முடியாது" என்று, அவர் கேட்ட நாலு முறையும் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

"மதிப்பிட வேண்டிய ஜெபாவுக்குக் காய்ச்சல், வரலை" என்று சண்முகசுந்தரம் மைக்கில் சொன்னார். "நம்ம கல்லூரிப் பேராசிரியரே இருக்கும்போது என்ன கவலை? மைதிலிம்மா, வாங்க."

பாதி பேர் சிரித்தார்கள், பாதி பேர் தட்டினார்கள். எழுந்திருக்காவிட்டால் தியாகி வெட்கப்படுகிறாள் என்பார்கள். எழுந்தாள்.

மேடையில் நின்றபோது அழுதுவிடத்தான் தோன்றியது. அழுதால் அரங்கம் அவள் பக்கம் சாய்ந்துவிடும். அவர் சொன்னது சரியா தப்பா என்பது மட்டும் அப்படியே கிடக்கும். அந்தக் குறுக்கு வழி அவளுக்கு வேண்டாம். நிர்மல் கடிகாரத்தைத் தட்டினான்.

"முதல்ல, பேசியவரை நம்பலாமா? அம்மா விஷயத்துல நம்பலாம். மூணு மாசமா ராத்திரி எழுந்து அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறது அவர்தான். அதுல முழு மதிப்பெண் தரேன். ஆனா அந்த நம்பிக்கை அவர் நேரா அறிஞ்ச விஷயத்துக்குத்தான். இன்னொருத்தர் மனசுல என்ன இருக்குன்னு அவர் சொன்னா அதைத் தனியா விசாரிக்கணும்.

"ரெண்டாவது, உணர்ச்சி. நம்மை அழ வெச்சதுல தப்பே இல்ல. அந்த ரெண்டு மணி நேரம் நிஜம், அதுக்கு அழுகை வரணும். ஆனா அந்த அழுகை நமக்குச் சொன்னது, அம்மாவுக்கு ஆள் வேணும்ங்கிறதை மட்டும்தான். யார்னு அது சொல்லலை."

பச்சை போய் மஞ்சள் வந்தது.

"மூணாவது, காரணம். ஒரு ஆள் தப்பு பண்ணினதால எல்லா ஆளும் அப்படித்தான்னு முடிவு பண்ணிட்டார். ஒருத்தர் வீட்ல இருக்கணும்னார். அது ஏன் மனைவின்னு சொல்லலை. வாரத்துல மூணு நாள் வீட்லேருந்தே வேலை பார்க்க அவர் ஆபீஸ்ல விடறாங்க. அவர் தங்கச்சி சௌம்யா ஆவடியில இருக்காங்க. நல்ல ஆளா விசாரிச்சு வைக்கலாம். இந்த வழியெல்லாம் பேச்சுல வரவே இல்ல. கடைசியா, மனைவி முடிவு பண்ணிட்டாங்கன்னார். அந்தம்மாவை விசாரிச்சேன். இன்னும் பண்ணலையாம்."

அரங்கம் அதிர்ந்தது, சிரிப்பில். கோகுல்நாத்தும் வாய்விட்டுச் சிரித்தார். மைதிலி சிரிக்கவில்லை. "நான் நிஜமாத்தான்" என்று தொடங்கியபோது நிர்மல் சிவப்பு அட்டையைத் தூக்கினான். சண்முகசுந்தரம் மைக்கை வாங்கிக்கொண்டார். "பேச்சுன்னா இது பேச்சு! புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பரிசு."

லிஃப்டில் அவள் கேட்டாள். "நான் எப்போங்க வேலையை விடறேன்னு சொன்னேன்?"

"நீ மறுக்கவும் இல்லையே."

"முடியாதுன்னு சொன்னேனே."

"ஏன் முடியாதுன்னு ஒரு தடவையாவது சொன்னியா? சொல்லிட்டு எழுந்து போயிடுவே."

அது உண்மை. ஊருக்கெல்லாம் காரணம் கேட்பவள் தன் காரணத்தை ஒருநாளும் அவர்முன் வைக்கவில்லை. நாலாவது மாடி வருவதற்குள் சொல்லி முடித்தாள்: இந்த வயதில் விட்டால் திரும்ப வேலை கிடைக்காது, அந்த வகுப்பறையில்தான் அவள் அவளாக இருக்கிறாள், அம்மாவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள இன்னின்ன ஏற்பாடு செய்யலாம். அவர் கவனமாகக் கேட்டார்.

"எல்லாம் நியாயமாத்தான் இருக்கு" என்றார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, மைதிலி. வீடியோவை ஸ்டேட்டஸ்ல வேற போட்டுட்டேன்."

போட்டிருந்தது அவருடைய ஏழு நிமிடம் மட்டும். அவளுடைய மூன்று நிமிடத்தை யாரும் எடுக்கவில்லை.

காலையில் பாத்திரம் தேய்க்க வந்த அஞ்சலை கதவிலேயே நின்றாள். "இன்னாக்கா, வேலைய உட்டுட்டியாமே? அண்ணாத்தே பேசினத பாத்துகினு நானு ஒரே அழுவ. நீ தெய்வம்க்கா." உள்ளறையிலிருந்து மாமியார் "நல்லா இருப்பேம்மா" என்றார். யாரிடம் என்னவென்று மறுப்பது? பாராட்டுபவர்களோடு சண்டை போட அவளுக்குத் தெரியவில்லை. அன்று கோகுல்நாத்துக்கு வீட்டிலிருந்தே வேலை; அவள் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள்.

துறைத் தலைவர் எத்திராஜ் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வீடியோ வந்துதும்மா. கண்ல தண்ணி வந்துடுச்சு. உங்க இடத்துக்கு ஆள் பார்க்கச் சொல்லிட்டேன். கடிதம் மட்டும் கொடுத்துடுங்க."

"சார், நான் வேலையை விடலை. விடறதா யார்கிட்டயும் சொல்லலை."

அவர் நம்பாத சிரிப்போடு பார்த்தார். "வீட்டுக்காரரே அவ்வளவு உருக்கமா சொல்றாரேம்மா."

"விடறதா இல்லையான்னு சொல்ல வேண்டியது நான் சார். நான் சொல்றேன், விடலை."

"நீங்க இப்ப ஏதோ குழப்பத்துல இருக்கீங்க. எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே" என்று எத்திராஜ் போனை எடுத்து கோகுல்நாத்தின் எண்ணைத் தேடினார்.

மைதிலி அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேளுங்க சார்" என்றாள். "ஸ்பீக்கர்ல போடுங்க."