சம்பந்திக்குக் கெடு வைக்கலாமா

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையம்பட்டியில் துண்டு, துவாலை ஏற்றுமதி செய்யும் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது, ஜெர்மனிக்கு. அது போய்ச் சேர்ந்தால்தான் அந்த ஆபீஸே நிற்கும்.

பணத்துக்கு உத்தரவாதமாக பாங்க் கொடுத்த எல்.சி.யில் சரக்கைக் கப்பலேற்றக் கடைசித் தேதி போட்டிருந்தது. தப்பினால் பணத்துக்கு பாங்க் பொறுப்பில்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏற்பாடு செய்யும் ஏஜெண்டுக்கு நான்தான் மெயில் அடித்தேன். பெட்டிகள் எத்தனை, எடை என்ன, எந்தத் துறைமுகம், லாரியோடு வரும் காகிதங்கள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ரிசர்வ் பாங்குக்கான ஜி.ஆர். ஃபார்ம், எல்.சி. நகல். கடைசியில், "லாரி புதன் காலை வரும். வியாழன் மதியம் பன்னிரண்டுக்குள் கஸ்டம்ஸ் முடித்துக் கண்டெய்னரில் ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு இந்தக் கப்பலில் எடுக்க மாட்டார்கள், அடுத்த கப்பலுக்குள் எல்.சி. தேதி போய்விடும்."

முதலாளி படித்தார். முகம் சுருங்கிவிட்டது. அந்த ஏஜெண்டு அவர் மகளுக்கு மாமனார்.

"என்னம்மா, சம்பந்திக்கு மணி சொல்லிக் கெடு வச்சிருக்க? புள்ளைய அந்த வீட்ல குடுத்துருக்கேன்."

தேதியைச் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும் என்றேன். எல்.சி. நகலில் இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்கள் என்றார். அந்த வரியை அழித்துவிட்டு, 'தங்கள் சௌகரியம்போல்' என்று இங்கிலீஷில் போடச் சொன்னார். போட்டேன். புதனன்று போனாவது போடட்டுமா என்று கேட்டேன். விரட்டுகிறோம் என்று நினைப்பார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

சௌகரியம் என்றால் சௌகரியம்தான். புதனும் வியாழனும் சம்பந்தியின் ஆபீஸ் பையன்கள், போனில் கத்தியவர்களின் சரக்கையெல்லாம் ஏற்றினார்கள். எங்கள் பெட்டிகள் துறைமுக ஷெட்டில் கிடந்தன. நகலை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கப்பல் போய்விட்டது. தேதி தப்பியதும், ஜெர்மனிக்காரன் சரக்கே வேண்டாம் என்றான்.

சம்பந்தி போன் செய்தார். முதலாளி எழுந்து நின்றுகொண்டு பேசினார், அவரிடம் போனில்கூட உட்கார்ந்து பேச மாட்டார். சம்பந்தி சொன்னது எனக்கும் கேட்டது: "நேரத்தை ஒரு வரி எழுதிருந்தா நானே முன்னால நின்னு ஏத்திருப்பேனே!"

என்னைப் பார்த்துக்கொண்டேதான் முதலாளி சொன்னார்: "நான் சொல்லத்தான் செஞ்சேன். இந்தப் புள்ள விட்ருச்சு."

போனை வைத்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சம்பந்திக்கு ஒரு மன்னிப்பு மெயில் அடி தாயி, உன் பேர்ல போட்ரு என்றார். சே, என்ன மனுஷன்! அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். மாசக் கடைசி, போகவில்லை.

அந்த ஆபீஸிலிருந்து எத்தனையோ மெயில் அடித்திருக்கிறேன், எல்லாவற்றிலும் கீழே அவர் பெயர்தான். என் பெயர் இருந்தது அது ஒன்றில் மட்டும்.