கஞ்சி போடாத சட்டை

ஆவடி லாண்டரியில் சொர்ணத்தின் கைக்குத் தனி மரியாதை. அவள் கஞ்சி போட்டால் பட்டாளத்து ஆபீசரின் காக்கிச் சட்டை ஆளில்லாமலே நிற்கும் என்பார்கள். அவள் அப்பன் அடுத்தவன் கழனியில் கோவணத்தோடு உழைத்தவன். அதனாலோ என்னவோ, மகள் நாகவல்லியைப் பட்டாபிராம் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அந்த யூனிஃபார்முக்கும் ஆபீசர் கஞ்சியே போட்டாள். நம் வீட்டுப் பிள்ளையை எவளும் அழுக்கு என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு.

நாகவல்லிக்கு ஏழு வயது. பேச்சு நாலைந்து வார்த்தைதான். காலையில் சட்டையை மாட்டினால் வீடு இரண்டுபடும். பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அது அலறினால் காதைப் பொத்திக்கொண்டு தன் மணிக்கட்டையே கடிப்பாள். பேய் என்று சொல்லி அவள் அப்பன் வேம்புலி உடுக்கை அடிக்கிறவனிடம் கொண்டுபோனான். அந்தச் சத்தத்தில் பிள்ளைக்கு வலிப்பு வராத குறை.

தலைமையாசிரியர் செங்கல்வராயன் கறாராகச் சொல்லிவிட்டார்: "அரைப்பரீட்சை வரைக்கும் பார்ப்பேம்மா. அதுக்கு மேல மத்தப் பிள்ளைங்க படிப்பையும் நான் பார்க்கணும்."

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர், தாய்க்குப் பாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி என்றார். சொர்ணம் திரும்பும் ரயிலில் ஆவடி வரைக்கும் அழுதாள். அடுத்த மாதம் பார்த்த டாக்டரம்மா வேறு மாதிரி. முதலில் காதைச் சோதித்தார். காது நன்றாகவே கேட்டது. மயிலிறகால் கையைத் தடவினார். பிள்ளை சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையை அழுத்திப் பிடித்தார், அடங்கி உட்கார்ந்தாள்.

"ஆட்டிசம்னு சொல்வாங்க. சத்தம், தொடுறது எல்லாம் இவளுக்கு நம்மைவிடப் பல மடங்கு. உன் தப்பு இல்லம்மா. எப்ப கத்துறா, அதுக்கு முன்னால என்ன நடந்தது, எவ்வளவு நேரத்துல அடங்குறா, ரெண்டு வாரம் எழுதிக் கொண்டா."

சொர்ணத்துக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல வகுப்பு டீச்சர் ஹில்டா எழுதினாள். பள்ளியில் நடப்பதைத் தானும் எழுதினாள். டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"திங்கட்கிழமைதான் ரொம்ப மோசம். வெள்ளிக்கிழமை பாதிகூட இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுல என்ன செய்யறே?"

"ஒண்ணியும் இல்லம்மா. துணி தொவைப்பேன். யூனிஃபாரத்துக்கு நல்லா கஞ்சி போட்டு..." சொர்ணம் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

நாலு நாள் உடுத்திக் கசங்கினால்தான் அந்தச் சட்டை இளகும். இத்தனை நாளும் மகளுக்கு முள்ளை மாட்டி அனுப்பியது தன் கைதான்.

அன்றிலிருந்து கஞ்சி கிடையாது. நாலைந்து தடவை அலசி மெத்தென்று ஆக்கி, தையல் மேலே உறுத்தாமல் உள்ளே ஒரு பழைய பனியனும் போட்டாள். தடவிக்கொடுக்காமல் இறுக்கி அணைத்தாள். ஹில்டா, மணி அடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லி, காதில் பஞ்சு வைத்து, பிள்ளையை மைதானத்துக் கடைசியில் இருந்த வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய்விடுவாள். கடிப்பது குறைந்தது. ஒரு காலையில் நாகவல்லி தானே இரண்டு கையையும் நீட்டி நின்றாள், சட்டையை மாட்டு என்று. சொர்ணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதற்கு முந்தின நாள் செங்கல்வராயன் சொர்ணத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஊருக்கெல்லாம் கஞ்சி போடறே, உன் பொண்ணு கந்தலாட்டம் வருது. நாளைக்கு ஒழுங்கா வரணும். இல்லேன்னா அனுப்பாதே, பேரை அடிச்சிடறேன்."

"சார், டாக்டரம்மா இன்னா சொல்லிகீறாங்கன்னா..."

"டாக்டரம்மாவா எனக்கு ரிமார்க் எழுதப் போறாங்க?"

வீட்டில் வேம்புலி, "ஒரு நாளுதானேடி, தண்ணியா போடு" என்றான். ஹில்டா அந்த வாரம் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். கேட்க வேறு ஆளில்லை. சொர்ணம் கஞ்சியை நீர்க்கக் கரைத்தாள். கண்ணீரும் அதில் விழுந்தது.

காலையில் நாகவல்லி எப்போதும்போல் இரண்டு கையையும் நீட்டினாள். சட்டை மேலே பட்டதும் கத்தவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.

மூன்றாவது பீரியட் மணிக்கு அவளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போக ஆளில்லை. தண்டவாளம் அலறியது. இன்ஸ்பெக்டர் எதிரில் சட்டை, பாவாடை எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, பெஞ்சுக்கடியில் சுருண்டு மணிக்கட்டைக் கடித்தாள். சாயங்காலமே பேரை அடித்துவிட்டார்கள்.

சொர்ணம் இன்றைக்கும் அந்த லாண்டரியில்தான் கஞ்சி போடுகிறாள். நாகவல்லி வீட்டோடு கிடக்கிறாள். அம்மா எந்தத் துணியைக் கொடுத்தாலும் மாட்டிக்கொள்ள உடனே கையை நீட்டுவதில்லை. வாங்கி, முதலில் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாள். அதுவரைக்கும் சொர்ணம் எதிரில் நின்றுகொண்டிருப்பாள்.