கட்டத்துக்குள் வந்த கை

எண்பதுகளின் முற்பகுதியில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் நல அலுவலர். தொழிலாளர்களுக்கான எட்டுப் பக்க மாத இதழும் என் பொறுப்புக்கு வந்தது. நான் வருவதற்கு முன் அதை ஷூ வெட்டும் பகுதிக்காரர்கள் செய்துவந்தார்கள். ஒரு தோலில் துண்டுகளை இடுக்கு இடுக்காக அடுக்கி, கழிவு விழாமல் வெட்டிப் பழகிய கைகள் அவை. காகிதத்தையும் அப்படியே பார்த்தார்கள். வெற்றிடம் என்றால் அவர்களுக்கு வேஸ்ட். ஒருமுறை ரத்ததான முகாம் படத்தைச் சாய்த்துவைத்து, மிஞ்சிய முக்கோணத்தில் கேண்டீன் அறிவிப்பைப் போட்டிருந்தார்கள். கழுத்தை ஒடித்துத்தான் படிக்க வேண்டும்.

இனி எல்லாம் கட்டத்துக்குள் என்று முடிவு செய்தேன். அச்சுக்கூடத்தார் எம் என்ற அளவில் கணக்குப் போடுவார்கள். ஓர் அங்குலத்துக்கு ஆறு எம். பக்கத்துக்கு மூன்று பத்திகள் வைத்தேன். பத்தி ஒவ்வொன்றும் பதிமூன்று எம் அகலம், நடுவில் ஒரு எம் இடைவெளி. ஆகவே இரண்டு பத்தி அகலப் படம் இருபத்தேழு எம், முழு அகலப் படம் நாற்பத்தொன்று. எங்கள் எழுத்துக்கு ஒரு வரியும் சரியாக ஒரு எம் உயரம். வரிக்கு வரி குறுக்கே கோடு போட்டேன். படத்தின் மேல் விளிம்பு ஒரு வரியின் தலையிலும் கீழ் விளிம்பு இன்னொரு வரியின் காலிலும் உட்கார்ந்தால், பக்கத்துப் பத்தியின் எழுத்து தானாக அதற்கு நேரே வந்து நிற்கும். எட்டுப் பக்கத்துக்கும் இதே கட்டம். எதிரெதிர்ப் பக்கங்களை விரித்தால் வரிகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே நேராக ஓடும்.

கோடுகளை வெளிர்நீலப் பென்சிலில்தான் போட வேண்டும். அந்த நீலம் அச்சுக்கூடத்துக் கேமராவின் பிலிமில் விழாது. முதல் முறை இது தெரியாமல் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டேன். சோதனைத் தாள் ஜன்னல் கம்பி போட்டதுபோல வந்தது. "சார், புக்க ஜெயில்ல போட்டுட்டீங்க" என்றார் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா. ஒட்டும் வேலையில் என் கூட்டாளி அவர்தான். வேலூர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து, பத்தி அகலத்தில் நீளநீளமாகப் படியெடுத்துத் தருவார்கள். அதை வெட்டி, ஷூ பகுதியிலிருந்து வாங்கிவந்த ரப்பர் சொல்யூஷனால் கட்டத் தாளில் ஒட்டுவோம். கோணலானால் உரித்து மறுபடி ஒட்டலாம். வழிந்த பசை காய்ந்ததும் விரலால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். படத்துக்கு மட்டும் காலிக் கட்டம் விட்டு, எது வரை வேண்டும் என்று மெல்லிய தாளில் கோடு போட்டுப் படத்தின்மேல் ஒட்டி அனுப்புவோம்.

அந்த மாதம் கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள். குழுவில் ஏழு பேர். வரிசையின் வலக்கோடியில் நின்றவர் தோல் ஊறும் டிரம்களைப் பார்த்துக்கொண்டவர். முப்பது வயதிருக்கும், வலது கையில் செப்புக் காப்பு. படம் எடுத்த மறுநாளே என் மேஜைக்கு வந்தார்.

"சார், புக்குல என் படம் நல்லா வரணும். குடியாத்தத்துல பொண்ணு பாத்துருக்காங்க. தறிக்காரங்க. அவங்க தாத்தா நான் பர்மனெண்டே இல்ல, தினக்கூலின்றாரு. ஒரே பேஜார். டீம்ல பர்மனெண்ட் ஆளுங்க மட்டும்தானே, இத காட்டினா வாய் மூடிப்பாரு."

"கண்டிப்பா வரும்ப்பா" என்றேன்.

படம் நீளமானது, அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உயரம். எதிர்ப்பக்கத்தில் கண் பரிசோதனை முகாமின் படம், இரண்டு பத்தி அகலம், பன்னிரண்டு வரி உயரம். கயிறு இழுப்பும் அதே அளவில் அதற்கு நேரே இருந்தால்தான் எனக்குத் திருப்தி. பன்னிரண்டு வரி உயரத்துக்கு வைத்தால் அகலம் முப்பத்தாறு எம் வரும். கட்டமோ இருபத்தேழு. ஒன்பது எம் வெட்டியாக வேண்டும். இடக்கோடியில் முதலாளி கொடுத்த கேடயம்; அதில் கை வைக்க முடியாது. வலக்கோடியில் கொஞ்சம் வெறும் மைதானம்; அதோடு கடைசி ஆளும் போகும்படி கோடு போட்டேன்.

டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், மாப்பிள்ளைய வெட்டிட்டீங்க? கை மட்டும் பக்கத்து ஆள் தோள்ல நிக்குது, பேய் மாதிரி."

"கட்டத்துல அடங்கலையே."

"மூணு பத்தியும் போடுங்க. நாப்பத்தியொன்னுக்குப் பதினாலு வரி. அதுவும் கட்டம்தானே?"

அதுவும் கட்டம்தான். எதிர்ப்பக்கத்துப் படத்தைவிடக் கீழ் விளிம்பு இரண்டு வரி இறங்கும், அவ்வளவுதான். எழுத்து வரிகள் நேராகவே இருக்கும். ஆனால் மூன்றாவது பத்தியிலும் படம் ஏறினால் இருபது வரி போல வெளியே போக வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒழுங்கின் அருமை பற்றி நான் எழுதிய தலையங்கம்.

"நேர் போய்டும்" என்றேன். உண்மையில் எனக்கு விட மனமில்லாதது அந்த இருபது வரிதான்.

"உங்க புக்கு, உங்க இஷ்டம்" என்று அவர் தட்டச்சுக்குத் திரும்பிவிட்டார்.

இதழ் அழகாக வந்தது. படத்தின் கீழே இடமிருந்து வலமாக ஏழு பெயர்கள், மேலே ஆறு ஆட்கள், ஒரு கை. மறுநாள் காப்புக்காரர் இதழைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

"சார், நான் எங்க சார்?"

நான் வாய் திறந்தேன். வந்தது இது: "பிரஸ்ல வெட்டிட்டாங்கப்பா. நான் என்ன பண்றது."

வேலூர் அச்சுக்கூடத்துக் கேமராக்காரர் நான் போட்ட கோட்டை மயிரிழை பிசகாமல் பின்பற்றியவர். டைப்பிஸ்ட் அம்மாவின் தட்டச்சு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"பரவால்ல சார். பேரு வந்துருக்கே" என்று அவர் போய்விட்டார்.

அந்த ஞாயிறு அவர் இதழோடு குடியாத்தம் போனார். திங்கள் காலை அவரே டிரம் பகுதியிலிருந்து ஈரக் கையோடு வந்தார். தாத்தா கண்ணாடி போட்டு ஆறு முகத்தையும் பார்த்துவிட்டு, "இதுல நீ யாருப்பா?" என்றாராம். இவர் கையைக் காட்டியிருக்கிறார். தாத்தா இதழைத் தூக்கி வைக்கப்போக, காபி கொண்டுவந்த பெண் குனிந்து பார்த்து, இவர் கையிலிருந்த காப்பையும் பார்த்து, "அதே காப்புதான் தாத்தா. பேரும் போட்டுருக்காங்க. வேணும்னா மிச்ச ஆளையும் எண்ணிக்கோ" என்றாளாம். வீடே சிரித்திருக்கிறது.

"முழு படம் வந்துருந்தா அவ பேசியே இருக்க மாட்டா சார்" என்றார்.

நல்லபடியாக முடிந்தது என் நல்லதனத்தால் அல்ல, அந்தப் பெண்ணின் வாயால்.

கல்யாணத்துக்கு நானும் டைப்பிஸ்ட் அம்மாவும் போனோம். குழுப் படத்தில் என்னை வலக்கோடியில் நிறுத்தினார்கள். அடுத்த இதழுக்கு அந்தப் படம் வந்தபோது இருந்த இடம் இரண்டு பத்திதான். "முழு அகலம் போடலாமே சார், இந்த மாசம் தலையங்கம் சின்னதுதானே" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. வேண்டாம் என்று மெல்லிய தாளை வைத்து, என் தோளுக்கு இப்பால், நான் வெளியே விழும்படி, நானே கோடு போட்டேன். அவர் பசை டப்பாவை என் பக்கம் தள்ளிவைத்தார்.

இதழ் வந்த அன்று புது மாப்பிள்ளை ஓடிவந்தார்.

"இன்னா சார் இது! அந்த பிரஸ்காரன் உங்களையும் வுடலியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.