எட்டு நாள் குறை

பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எழுத்தராக இருந்த திருஞானசம்பந்தத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. கூட்டலில் அவர் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அவருடைய பெருமை. அண்ணன் தம்பிகள் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்க, அவர் ஒருவர்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று இலக்கத்தில் இருபது வரி எழுதிக் கொடுத்தாலும் பென்சிலைத் தொடாமல், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே மேலிருந்து கீழே வந்து விடையைச் சொல்லிவிடுவார். தலைமையாசிரியை கமலாட்சி அம்மாள் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் அவரைக் காட்டி, "எங்க சம்பந்தம் போட்ட கணக்கை ரெண்டாவது தடவை பார்க்க வேண்டியதில்லை" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனிதர் பதினெட்டு வருஷம் நிமிர்ந்து நடந்தார். பாவம், அதைத் தவிர நிமிர்ந்து நடக்க அவருக்கு வேறு காரணமும் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. வருஷத்தில் பள்ளி நடந்த நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வந்திருந்தால்தான் தேர்வு எழுதலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் பதிவேட்டை முடித்து, மாதவாரியாக வந்த நாட்களைக் கூட்டி, சதவீதம் போட்டு, யார் உள்ளே யார் வெளியே என்று பட்டியல் எழுதுவது சம்பந்தத்தின் வேலை.

எழுபத்திரண்டாம் வருஷம் டிசம்பர் மாதத்துக் கடைசிப் பள்ளி நாளன்று லோகாம்பாள் அவர் மேஜைக்கு முன் வந்து நின்றாள். முசரவாக்கத்துப் பெண். இரண்டாம் வருஷப் பயிற்சி. அக்டோபரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்டோபரில் இரண்டு நாள் வந்தவள், நவம்பர் முழுக்க வரவில்லை. டிசம்பரில் பச்சை உடம்போடு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"சார், எனக்கு எத்தனை நாள் குறையுது? பரீட்சை எழுத விடுவாங்களா?" என்றாள். "மாமியார் இந்த ஒரு வருஷம்தான் குழந்தையைப் பாத்துக்கறேன்னாங்க சார். இந்த வருஷம் தவறிடுச்சின்னா அப்புறம் நான் எங்க வரப் போறேன்?"

அவள் புருஷன் தணிகாசலத்துக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரைக் காணி. ஏரி நிரம்பினால் சோறு, நிரம்பாவிட்டால் கூலி. லோகாம்பாள் தேர்வு எழுதித் தேறி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆகிவிட்டால் அந்த வீடு வானத்தை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தலாம். இது சம்பந்தத்துக்கும் தெரியும். தினமும் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடுவதை அவர் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார்.

பதிவேட்டைப் பிரித்தார். உதடு அசைந்தது. ஜூன் இருபது, ஜூலை இருபத்துநாலு, ஆகஸ்டு இருபத்திரண்டு, செப்டம்பர் பதினாறு. எண்பத்திரண்டு ஆயிற்று. அக்டோபர் இரண்டு, நவம்பர் சூன்யம், டிசம்பர் பத்து. ஆக தொண்ணூற்று நாலு. பள்ளி நடந்தது நூற்று முப்பத்தாறு நாள். அதில் முக்கால் பங்கு நூற்றிரண்டு. நூற்றிரண்டில் தொண்ணூற்று நாலு போனால்?

"எட்டும்மா. எட்டு நாள்தான்."

"எட்டு நாள் வந்தாப் போதுமா சார்?"

"போதும்மா. அப்புறம் உன் சவுகரியம்."

ஒரு துண்டுச் சீட்டில் 8 என்று எழுதி, வட்டம் போட்டு, சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. பெருமைதான் கையைப் பிடித்து எழுத வைத்தது. லோகாம்பாள் அதைக் கோயில் விபூதி மாதிரி மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டு போனாள்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக அவர் இந்தக் கணக்கை மார்ச்சில்தான் போட்டு வந்தார். அப்போது பள்ளி நடந்த நாள் முடிந்துபோன எண். அது இனிமேல் வளராது. கழித்தால் விடை வந்துவிடும். நடுவருஷத்தில் ஒருத்தி வந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் வருகிற ஒவ்வொரு நாளும் பள்ளி நடக்கிற நாளாகவும் ஏறும் என்பது அவர் புத்திக்குத் தட்டவேயில்லை.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை போக இருபது நாள் பள்ளி நடந்தது. லோகாம்பாள் முதல் எட்டு நாளும் கருத்தாக வந்தாள். பிறகு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நாலு நாள் வீட்டில் இருந்தாள். "எட்டு நாள் முடிஞ்சிடுச்சில்ல, ஏன் அலையற?" என்று மாமியார் கங்கையம்மாளும் சொன்னாள். அப்படியும் மாதத்தில் பதினாறு நாள் வந்திருந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் சம்பந்தம் மாதக் கணக்கை முடித்தார். அவள் பெயரில் கை வந்ததும் சும்மா ஒரு ஆசைக்குப் போட்டுப் பார்த்தார். எட்டு கேட்டோம், பதினாறு வந்துவிட்டாள், இப்போது மிச்சமே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போட்டார். வந்தது நூற்றுப் பத்து. நடந்தது நூற்று ஐம்பத்தாறு. முக்கால் பங்கு நூற்றுப் பதினேழு.

குறை ஏழு.

பதினாறு நாள் வந்தும் எட்டு, ஏழுக்குத்தான் இறங்கியிருந்தது. தப்பாகப் போட்டோமோ என்று மறுபடி கூட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பென்சில் எடுத்துக் கூட்டினார். அதே ஏழு. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. விட்ட விடுமுறைக்கு ஈடாக வைத்த இரண்டு சனிக்கிழமையும் சேர்த்துப் பிப்ரவரியில் இருபத்திரண்டு நாள். மார்ச் பதினாறோடு பதிவேடு முடிகிறது, அதில் பன்னிரண்டு. பாக்கி முப்பத்துநாலு. வருஷம் மொத்தம் நூற்றுத் தொண்ணூறு. அதில் முக்கால் என்றால் நூற்று நாற்பத்து மூன்று வேண்டும். அவளிடம் இருப்பது நூற்றுப் பத்து. இன்னும் முப்பத்து மூன்று.

முப்பத்துநாலில் முப்பத்து மூன்று. ஒரே ஒரு நாள்தான் அவள் வராமல் இருக்கலாம்.

இன்னும் கெட்டுப்போகவில்லை. மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு, "அம்மா, தப்பா சொல்லிட்டேன், ஒரு நாள்கூட விடாதே" என்றால் போதும். தொண்டையில் நாலு வார்த்தை. அவள் எப்படியாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டாவது வந்திருப்பாள்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி அவள் வந்தாள். சம்பந்தம் அவளைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். இவர்கள் முன்னாலா என்று விட்டுவிட்டார். தனியாகச் சொல்லலாம் என்று நினைத்த மத்தியானம் கமலாட்சி அம்மாள் அலுவலகத்தில் இருந்தார். அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் அவள் வரவில்லை. இருந்த ஒரு நாளும் போயிற்று. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சம்பந்தம் வகுப்புக்கே போய் எட்டிப் பார்த்தார். அவள் இடம் காலி. ஜன்னலோரம் பதினோரு மணி வரை நின்றார். முசரவாக்கத்துக்கு ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம், ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். அதையெல்லாம் நினைக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நினைத்து என்ன பிரயோசனம்? இனிமேல் சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டது மட்டும்தான் மிஞ்சும் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு வந்ததும் அந்த ஆளுக்கு மனசு கொஞ்சம் லேசானது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அவள் புதன்கிழமை வந்தாள், பிறகு இரண்டு நாள் வரவில்லை. எட்டு நாள் கணக்கு தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் வந்தும் வராமலும் இருந்தாள். பிப்ரவரியில் பதினாலு, மார்ச்சில் ஒன்பது.

பட்டியல் ஒட்டிய அன்று அவள் பெயர் கீழே தனியாக இருந்தது. நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்று முப்பத்து மூன்று. சரியாக எழுபது சதவீதம். பத்து நாள் குறைவு.

கமலாட்சி அம்மாளின் அறைக்குள் அவள் போனபோது சம்பந்தம் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"எட்டு நாள் வந்தாப் போதும்னு சொன்னாங்கம்மா. நான் அதுக்கு மேலயே வந்துக்கினு இருந்தேன்" என்றாள் லோகாம்பாள்.

"யாரு சொன்னது?"

அவள் சம்பந்தத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. நீங்களே சொல்லுங்க சார் என்கிற பார்வை.

"எட்டு நாள் குறையுதுன்னுதாங்க சொன்னேன்" என்றார் சம்பந்தம். "டிசம்பர் வரைக்கும் எட்டு நாள் குறை. அது நெசந்தான். வந்தாப் போதும்னு நான் எங்க சொன்னேன்?"

லோகாம்பாள் மணிபர்சைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கமலாட்சி அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டத்துக்குள் 8. கீழே சுருக்கொப்பம். வேறு ஒரு எழுத்தும் இல்லை. எண்ணை மட்டும் எழுதினோமே என்று சம்பந்தம் அந்த நிமிஷத்தில் ஏகாம்பரநாதருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டார்.

"குறை எட்டுன்னுதானேம்மா இருக்குது இதுல? நீதான் தப்பா புரிஞ்சிக்கினே. சம்பந்தம் கணக்கு தப்பாது" என்றார் கமலாட்சி அம்மாள். குரலில் இரக்கம் இருந்தது. இரக்கம் இருந்து என்ன?

லோகாம்பாள் மணிபர்சை மூடிக்கொண்டாள். சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் மறுபடி சேரலாம் என்று கமலாட்சி அம்மாள் சொன்னார். அவள் சேரவில்லை. சீட்டைச் சம்பந்தம் அன்றைக்கே கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நடுவருஷத்தில் யார் வந்து கேட்டாலும் அவர் நாள் சொல்வதில்லை. "தினம் வாங்கம்மா" என்பார். கண்டிப்பான மனிதர் என்று பெயர் வந்தது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். தப்பே செய்யாதவர் என்று மூன்று பேர் பேசினார்கள். அவர் மூன்று தடவையும் தலை குனிந்தார். அடக்கம் என்று கைதட்டினார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம், பேருந்து நிலையத்தில் செவிலிமேட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். எதிரே கத்தரிக்காய்க் கூடையோடு ஒருத்தி. பக்கத்தில் சீருடையில் ஒரு பெண் குழந்தை. கூடையை இறக்கிவிட்டு அவளே வந்து கும்பிட்டாள்.

"சார், லோகாம்பா. முசரவாக்கம்."

அவருக்குத் தெரியாமல் இல்லை. "நல்லா இருக்கியாம்மா?" என்றார். கேட்டதும் ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"இருக்கறேன் சார். மார்க்கெட்டுக்குக் காய் கொண்டாந்தேன். இதுதான் சார் அந்தக் குழந்தை. ரெண்டாங் கிளாஸ் போவுது. ஒரு நாள்கூட நிறுத்தறதில்ல சார். காய்ச்சல்னாலும் தூக்கிக்கினு போயி விட்டுட்டு வரேன்." குழந்தையின் தலையைக் கோதிவிட்டாள். "ஒரு நாள் போனா மூணு நாள் வந்து அடைக்கணும் இல்லையா சார்?"

சம்பந்தம் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

"அப்புறம் வீட்டுல உக்காந்து போட்டுப் பாத்தேன் சார். நான் வராதது நாப்பத்திரண்டு நாள். மும்மூணா நூத்தி இருபத்தாறு நாள் வந்திருக்கணும். வந்தது தொண்ணூத்தி நாலு. முப்பத்திரண்டு நாள் சார். விடாம முப்பத்திரண்டு நாள் வந்தாத்தான் அன்னிக்கு முக்கால் ஆயிருக்கும். எட்டு இல்ல." சண்டைக்காரக் குரல் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். "நான் போட்டது சரிதானே சார்?"

பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். சம்பந்தத்தின் உதடு அசைந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை வந்தார்.

"சரிதாம்மா" என்றார்.

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.