டெய்சியின் ஐந்தாவது சீசன்

டெய்சி எட்டு சீசன் மாங்கூழ் ஆலையில் வேலை செய்தவள். மே மாதம் கோலார் தங்கச் சுரங்கத்தின் பழைய தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைன் வீட்டுப் பெண்களை ஆலை வேன் ஏற்றிக்கொண்டு போகும். ஜூலைக் கடைசியில் மாம்பழம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. அடுத்த மே மாதம் சூப்பர்வைசர் சகாயம் போன் செய்வார். அதைத் தவிர அவர்களுக்கு வேறு உத்தரவாதம் கிடையாது.

எட்டாவது சீசன் முடிந்த அன்று அவள் சகாயத்திடம் கேட்டாள்: "அடுத்த வருசமும் எங்களத்தான் கூப்டுவோம்னு எழுதிக் குடுங்க சார்."

அடுத்த மே மாதம் அவளுக்கு மட்டும் போன் வரவில்லை.

கோலார் தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி மமதா பொறுமையாகவே பேசினார். "மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்றது தனி வழக்கும்மா, வருசக்கணக்கா இழுக்கும். கிராஜுவிட்டி, அதான் வேலையவிட்டு நிக்கறப்ப குடுக்குற பணம், அத கேக்கலாம். சீசன் ஆலையில ஒரு சீசனுக்கு ஏழு நாள் சம்பளம். ஆனா தொடர்ந்து அஞ்சு வருசம் இருந்திருக்கணும். ஆலை ஓடுன நாள்ல முக்கால்வாசி நாள் வந்திருந்தாலே அது ஒரு வருசம்."

"நான் எட்டு வருசம் மேடம். லீவே போட்டதில்ல."

மனு போட்டாள். விசாரணை மறு வருடம் ஏப்ரலில்தான் வந்தது. ஆலையின் வக்கீல் வருகைப் பதிவேடுகளைப் பரப்பினார். ஐந்தாவது சீசனில் டெய்சி என்ற பெயரே இல்லை.

அந்த வருடம் வினோலியா என்ற பெண் இரண்டே நாளில் நின்றுவிட்டாள். "புதுப் பேர் எழுத வேணாம், அவ பேர்லயே கையெழுத்துப் போடு" என்றார் சகாயம். சீசன் முழுவதும் டெய்சி வினோலியா என்றே கையெழுத்திட்டாள். அதற்கு முன்னால் நான்கு சீசன், பின்னால் மூன்று. எந்தப் பக்கமும் தொடர்ந்து ஐந்து இல்லை.

"அந்த சீசனும் நான்தான் மேடம், வினோலியா பேர்ல கையெழுத்துப் போட்டேன். ரத்தினம்மாவக் கேளுங்க, பக்கத்துலதான் நின்னா."

ரத்தினம்மா அடுத்த வரிசை வீட்டுக்காரி. எட்டு சீசனும் ஒரே மேசையில் டெய்சியோடு பழம் பொறுக்கியவள். சாட்சி சொல்லத்தான் கூடவே பஸ்ஸில் வந்திருந்தாள். எழுந்து நின்றாள். எதிரே சகாயம் உட்கார்ந்திருந்தார். மே மாதத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"ஞாபகம் இல்லீங்க" என்றாள்.

மமதா மறுபடி கேட்டார். அதே பதில்.

திரும்பும் பஸ்ஸில் ரத்தினம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் இன்னா பண்றது டெய்சி. எனக்கும் போன் வராம போச்சின்னா?"

"உங்கிட்ட நான் இன்னா கேட்டேன்? எம் பேர் இன்னான்னுதானே கேட்டேன்."

மனு தள்ளுபடியானது. அறுபது நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்று உத்தரவிலேயே இருந்தது. அதற்கும் ஒரு சாட்சி வேண்டும். லைனில் ஆறு வீடு ஏறினாள். எல்லோருக்கும் போன் வந்திருந்தது. யாரும் சாட்சி சொல்ல வரவில்லை.

டெய்சி இப்போது பெங்களூருவில் ஒரு கட்டடத்தில் தரை துடைக்கிறாள். பதினோரு மாத ஒப்பந்தம். கையெழுத்திடுவதற்கு முன் தன் பெயர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.