வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த அரை மணி நேரம்

வேலையை விடுவது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. அதை மேடத்திடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

செங்கல்பட்டில் ஒரு பெரிய லாண்டரியில் இருந்தேன். மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுகளின் பெட்ஷீட்டும் துண்டும் எங்களிடம்தான் வெளுப்புக்கு வரும். ஆறு வருஷம் அந்த ரிசார்ட்டுகளுக்கு நான்தான் அக்கவுண்ட் மேனேஜர். துணி குறைந்தாலும் வேன் தாமதமானாலும் அவர்கள் திட்டுவதற்கென்று இருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலையில் பாதி ஒரே ரிசார்ட்டிலிருந்து வந்தது. அங்கே ஹவுஸ்கீப்பிங் தலைவி அந்த மேடம், மதுரைக்காரர். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடவில்லையென்றால் எங்கள் இஸ்திரி ஃப்ளோரில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

"மெயில் அப்புறம் போடலாம், முதல்ல நேர்ல போ," என்றார் முதலாளி. "போறேன்னு சொல்ற அதே மூச்சுல யார் வர்றாங்கன்னும் சொல்லிடு. நடுவுல கேப் விட்டா வேற லாண்டரிக்காரன் பூந்துடுவான். அப்புறம், கேள்விக்கு அந்தப் பொண்ணு பதில் சொல்லட்டும். நீ வாயைத் தொறந்தேன்னா அவ உன் அசிஸ்டென்ட் ஆயிடுவா."

அந்தப் பொண்ணு எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர். எட்டு வருஷம் மெஷின் சத்தத்தில் நின்றவள். ரிசார்ட் பக்கம் அதுவரை போனதே இல்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு வேனில் கிளம்பினேன். முதலாளி சொன்னதைக் கேட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வேன் டிரைவர் சிரித்தார். "நீ பேசாம குந்திகினு இருக்கப் போறியா அண்ணாத்த? கடல் வத்திப்போச்சுன்னாகூட நம்புவேன்."

மேடத்தின் அறையில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இருபத்தெட்டாம் தேதி எனக்குக் கடைசி நாள், படூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் வேலைக்குப் போகிறேன், இனி உங்களைப் பார்த்துக்கொள்ளப் போவது இவர்தான், இரண்டு வாரம் நாங்கள் சேர்ந்தே வருவோம்.

மேடம் அவளைப் பார்க்கவே இல்லை. "என்ன தம்பி, கல்யாண சீசன்ல கழுத்தறுக்குறீங்களே. வர்ற வெள்ளிக்கிழமை பெரிய பார்ட்டி. எப்பவும்போல பண்ணிருவீங்கள்ல?"

"எப்பவும்போலன்னா எப்படிங்க மேடம்?" என்று கேட்டாள் அவள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். ஒப்பந்தப்படி இன்று எடுத்தால் நாளைக்குத்தான் தருவோம். கல்யாண நாளில் மட்டும் மத்தியானம் எடுத்து அன்று சாயங்காலமே தருவதாக நான் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்குத் தெரியாது. பன்னிரண்டு பக்கம் ஹேண்ட்ஓவர் நோட் எழுதியவன் இதை மட்டும் எழுதவில்லை. என் தலையிலேயே இருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

"மேடம், இதை மட்டும் நான் இவங்ககிட்ட சொல்லல, தப்பு என்னோடது," என்று விஷயத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"அப்போ அந்தச் சாயங்காலமெல்லாம் எங்க ஃப்ளோர் பொண்ணுங்களை வீட்டுக்கு விடாம உட்கார வச்சது இதுக்குத்தானாண்ணா?" என்று அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்திடம், "எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பினா முடியாது மேடம்," என்றாள்.

முடியாதா! ஆறு வருஷத்தில் இந்த அறையில் நான் சொல்லாத வார்த்தை. 'பார்த்துக்கலாம் மேடம்' என்று தொண்டை வரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

மேடத்தின் புருவம் ஏறியது. "இவர் முடியும்னாரே?"

"துண்டு தடிமன், டிரையர்ல காய ரொம்ப நேரம் ஆகும். பெட்ஷீட் ஈரத்தோடவே ரோலர் இஸ்திரில போயிடும். பெட்ஷீட்டை மட்டும் தனி மூட்டையா பன்னண்டு மணிக்குக் கொடுங்க, ஆறு மணிக்குத் தரலாம். துண்டு மறுநாள் காலையில. ஆனா என் பொண்ணுங்க இருக்கணும். அவங்களையும் முதலாளியையும் கேட்டுட்டு இன்னைக்கு நாலு மணிக்குள்ள உறுதி சொல்றேன்."

"போன ரெண்டு பார்ட்டியிலயும் எட்டு மணிக்குத்தான் வந்துச்சு," என்று மேடம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நம்பர் சொல்லும்மா."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவள் கூப்பிட்டு உறுதி சொன்னாள். அதற்குள் முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நானும் அவளும் ஆபீசில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். என் போன் அடித்தது. மேடம். அந்த நேரத்தில் கூப்பிட்டால் ஏதோ ஒன்று உதைக்கிறது என்று அர்த்தம்.

"எடுங்கண்ணா," என்றாள்.

கை தானாகப் போனது. இன்று எடுத்தால் படூருக்குப் போன பிறகும் இந்தப் போன் எனக்குத்தான் வரும். கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அடித்து அடித்து நின்றது. கோபத்தில் வேறு லாண்டரிக்குப் போட்டுவிட்டாரோ? சுவர்க் கடிகாரத்தின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக ஒரு நிமிஷம்.

அவள் போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம்... ஆமா, தனி மூட்டைதான்... துண்டு கலந்துடுச்சா? பரவால்ல, இங்க பிரிச்சுக்கிறோம், வேனை அப்படியே அனுப்புங்க."

வைத்துவிட்டு ஃப்ளோருக்கு எழுந்து ஓடினாள். மேடம் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.